அட்டவணையில் ஒரு காலி வரிசை

மைக்ரோபயாலஜியில் தவறிய ஒரு மாணவி, ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறில் இருக்கும் என் ஃப்ளாட்டுக்கு வந்து படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்துவது நான்தான். துணைத்தேர்வில் தேறினால், தன்னோடு படித்தவர்களோடு அடுத்த ஆண்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். என்னவோ பெரிய மனது பண்ணிச் சொல்லிக் கொடுப்பதாக எனக்கு நினைப்பு. காபியெல்லாம் போட்டுக் கொடுத்தேன்.

அவள் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிற ரகம். அதனால், கிராம் பாசிட்டிவ் காக்கஸ் பற்றிய வகுப்புக் குறிப்புகளை, அதாவது சாயமேற்றினால் ஊதாவாகவும் உருண்டையாகவும் தெரியும் கிருமிகளைப் பற்றியவற்றை, ஒரே அட்டவணையாக்கிக் கொண்டுவரச் சொன்னேன். கிருமிக்கு ஒரு வரிசை. குறுக்கே பரிசோதனை, நோய், மருந்து. எது எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

அடுத்த வாரம் லேப்டாப்பில் கொண்டுவந்தாள். நன்றாகவே செய்திருந்தாள். கேட்டலேஸ் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ், நெகட்டிவ் என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பக்கம் என்று முதலிலேயே பிரித்திருந்தாள். கோயாகுலேஸ் பரிசோதனையில் பாசிட்டிவாக இருப்பதற்கு நேரே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அது உண்டாக்கும் கட்டி, புண், உணவு நச்சு. நிமோனியா உண்டாக்கும் நியூமோகாக்கஸுக்கு நேரே ஆப்டோசின் டெஸ்ட். தொண்டைப் புண் உண்டாக்கும் குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வரிசையில் எழுத இடம் போதாமல் எழுத்தைச் சின்னதாக்கியிருந்தாள். அதற்குக் கீழே குரூப் பி. பெயர் மட்டும் இருந்தது. மற்ற கட்டமெல்லாம் வெள்ளை.

"நோட்ஸ்ல இது மட்டும் இல்ல மேம். நான்தான் எங்கயோ விட்டிருக்கேன். ஃப்ரெண்ட்ஸ் நோட்டும் பார்த்தேன், அவங்களும் விட்டிருக்காங்க" என்றாள்.

வகுப்பே சேர்ந்து ஒன்றை விட்டுவிடுமா என்று சலித்துக்கொண்டே என் குறிப்புகளைத் திறந்தேன். குரூப் ஏ முடிந்ததும் நேராக நியூமோகாக்கஸ். தொண்டைப் புண்ணில் ஆரம்பித்து இதய வால்வு வரை போகும் ரூமாட்டிக் காய்ச்சலைச் சொல்வதில் எனக்கு அலாதி விருப்பம். சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அடுத்த வகுப்பில் சாவகாசமாக நியூமோகாக்கஸில் தொடங்குவேன். வாயால் சொல்லும்போது நடுவில் ஒன்று விட்டுப்போனது யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். கட்டம் போட்டால் தெரிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகுதான் அவளுடைய வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, ஞாபகம் வந்தது. பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் தொற்று, குரூப் பி என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று நான்தான் கேட்டேன். "அது கிளாஸ்ல எடுக்கல மேம்" என்று மெல்லச் சொன்னாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. கிளாஸில் தூங்கிவிட்டு எடுக்கவில்லை என்று பொய் வேறா என்று அவர் எதிரிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினேன். அதன்பிறகு தெரிந்த கேள்விக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. தயங்காமல் ஃபெயில் மதிப்பெண் போட்டேன்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே, நீயே படித்திருக்க வேண்டாமா என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்படி யோசித்ததை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

"நீ விடல. நான் நடத்தல. வைவால நீ சொன்னதுதான் நிஜம்" என்றேன்.

அவள் லேப்டாப்பை அருகே இழுத்து, காலிக் கட்டத்தில் கர்சரை வைத்தாள். நான் பாடத்தை ஆரம்பித்தேன். குரூப் ஏ போலவே இதுவும் ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் சுற்றிலும் முழுதாகத் தெளிய வைக்கும், ஆனால் பேசிட்ராசின் மருந்துக்கு அடங்காது. கேம்ப் டெஸ்டில், ஆரியஸைக் கோடாக இழுத்து, அதைத் தொடாமல் செங்குத்தாக இதை இழுத்தால், இரண்டும் நெருங்கும் இடம் அம்பு முனைபோலத் தெளியும். பேப்பரில் வரைந்தும் காட்டினேன். பச்சைக் குழந்தைக்கு ரத்தத் தொற்று, மூளைக்காய்ச்சல். மருந்து பென்சிலின், கிருமி இருக்கும் தாய்க்குப் பிரசவ வலியின்போதே கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தாள். வரிசை நிரம்பியது.

துறைத் தலைவரிடம் சொல்கிறேன், அந்த மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாவிட்டாலும் உன் வீட்டிலாவது வந்து சொல்கிறேன் என்றேன். அவள் அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறாராம். ரிசல்ட் வந்த அன்றே, கிளாஸில் கவனிக்காமல் போனேன் என்று அவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டுவிட்டாளாம்.

செய்யாத தப்புக்கு ஏன் மன்னிப்புக் கேட்டாய் என்று கேட்டேன்.

"நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்கல்ல மேம். நெஜமாவே தூங்கிட்டேன் போலன்னு நெனச்சிட்டேன்."