புது மாப்பிள்ளையின் மாறுதல் உத்தரவு

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் 'புது மாப்பிள்ளை' என்று பெயர். தலை முக்கால்வாசி நரைத்தவர். திங்கள், புதன், வெள்ளி மதியமானால் கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார், அதனால் அந்தப் பெயர். "அக்கா கூப்பிட்டாச்சா?" என்று மற்ற டெக்னீஷியன்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

புகார் போனை எடுப்பது என் வேலை. நாள் முழுக்க யாராவது ஒருவர் என் காதில் கத்துவார்கள்; மற்றவர்களால் முடியாத பழுதென்றால் நான் அவர் வீட்டு எண்ணுக்கு அடித்துக் கத்துவேன். ஆனால் அவர் பார்க்கும் கட்டடங்களிலிருந்து போன் வருவதே அபூர்வம். விடிவதற்குள் போய்க் கதவின் மின்தொடர்பு முனைகளைத் துடைத்து, பிரேக்கைப் பார்த்து, தேய்ந்ததைக் கெட்டுப்போகும் முன்பே மாற்றிவிடுவார். புகார் இல்லாதவரை யாரும் நம்மைத் தேட மாட்டார்கள் என்று நம்பிய மனிதர்.

தலைமை அலுவலகம் கணக்கைப் பார்த்தது. எந்த ஆளின் கட்டடங்களில் புகார் குறைவோ, அந்த ஆள் அங்கே தேவையில்லை என்று முடிவு செய்தது. என்ன புத்தியோ! வியாழன் சாயங்காலம் உத்தரவு வந்தது. இரவு முழுக்க ரயிலில் போகவேண்டிய ஒரு நகரத்தில் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

மறுநாள் காலை அவர் நீட்டிய காகிதத்தில் இரண்டே வரி. 'குடும்பக் காரணங்களால் போக இயலாது. வற்புறுத்தினால் ராஜினாமா செய்வேன்.'

"அண்ணே, உங்களுக்கென்ன கிறுக்கா? ரெண்டாவது வரியை மட்டும் பிடிச்சுக்கிட்டு, ராஜினாமாவை ஏத்துக்கிட்டோம்னு எழுதிடுவாங்க. அதை அடிங்க முதல்ல" என்றேன்.

அடித்தார். மிச்ச ஒரு வரியோடு சர்வீஸ் மேனேஜரிடம் போனார். மேனேஜர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர்.

"குடும்பம் யாருக்குத்தான் இல்ல? எங்க வேணா மாத்தலாம்னு வேலைக்குச் சேரும்போதே கையெழுத்துப் போட்டீங்களே. குடும்பத்தையும் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்து என் மேசை எதிரே உட்கார்ந்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். மனைவிக்குச் சிறுநீரகம் போய் நாலு வருடம். அந்த மூன்று மதியங்களும் டயாலிசிஸ். கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வெளியே காத்திருந்து, தலைசுற்றலோடு வருகிறவரைக் கைத்தாங்கலாக அழைத்து வருவார்.

எனக்குக் கோபம் வந்தது. "இதை ஏன் எழுதல?"

"அவ எழுதக்கூடாதுன்னுட்டா. என் வியாதி உங்க ஆபீஸ் ஃபைல்ல கிடக்கணுமான்னு கேக்கறா."

"அந்த ஊர்ல டயாலிசிஸுக்கு இடம் கிடைக்குமா?"

"விசாரிச்சேன். ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் காத்திருக்கணும்னு சொல்றாங்க. இதுல காத்திருக்க முடியுமா?"

அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார். நோயைப் பற்றி எழுதினால்தான் மாறுதல் நிற்கும் என்று சொன்னார். பிறகு எனக்கும் கேட்கும்படியாகக் குரல் வந்தது.

"சரி, எழுதுங்க. ஆனா என்னை வச்சுப் பாத்துக்கறதா எழுதாதீங்க. நீங்க காய்ச்சல்ல கிடந்தப்ப யார் பாத்தா? வீட்டுக் கணக்கு யார் பாக்கறா? ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கறோம்னு எழுதுங்க."

அப்படியே தட்டச்சு செய்தேன். 'வாரம் மூன்று முறை என் மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அந்த நகரத்தில் உடனடி இடம் இல்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். பிரிந்து இருக்க இயலாது. ஆகவே மாறுதலை ஏற்க முடியாத நிலையில் இருக்கிறேன். இங்கேயே பணியில் தொடர விரும்புகிறேன். அங்குள்ளவர்களுக்குப் பழுதுகளில் தொலைபேசி வழியாக உதவத் தயார்.' மருத்துவமனைச் சான்றை இணைத்து மேனேஜரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினோம்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார். தன் குறிப்பையும் சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை இங்கேயே வேலை பார்க்கச் சொன்னார். மறு வாரம் மாறுதல் ரத்தானது.

ஆனால் விஷயம் அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. யாரும் அவரைப் புது மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. அவர் வந்தால் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருவர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துப் பெருமூச்சும் விட்டார். அவர் தலை நிமிராமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ரத்தான செய்தி வந்த அன்று அவர் எங்கோ லிஃப்ட் குழிக்குள் இருந்தார். போன் கிடைக்கவில்லை. வீட்டு எண்ணுக்கு அடித்து அவர் மனைவியிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, குரலை இறக்கி, "உடம்பு எப்படிக்கா இருக்கு?" என்றேன்.



"இத்தனை வருஷமா 'உங்க வீட்டுக்காரர் எங்க தொலைஞ்சார், இங்க லிஃப்ட் நிக்குது'ன்னு கத்துவீங்களே. இனிமேலும் அப்படியே கத்துங்க, என்ன?" என்றார் அந்த அம்மாள்.