மாரக்காளின் கரண்டியும் 390 கலோரியும்

ஹெப்பாளில் ஒரு கம்பெனி கேன்டீன். அங்கே தோசைக் கல்லுக்கு முன்னால் பதினோரு வருஷமாக நிற்பவர் ராமாபுரத்து மாரக்காள். அதே இடத்தில் ஓர் ஆண் நின்றால் ‘மாஸ்டர்’. இவர் வெறும் ‘தோசை அக்கா’. மூன்று பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, நூறு மில்லி கரண்டி, தோசைக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய். இதில் அவர் ஒருநாளும் மாறியதில்லை.

திங்கட்கிழமை கல்லுக்கு மேலே ஒரு பலகை முளைத்தது. ‘சாதா தோசை: 390 கலோரி.’ சிவப்பு எழுத்து. பத்து மணி நேரம் நாற்காலியை விட்டு அசையாத ஜனங்கள் அதைப் பார்த்ததும் விறுவிறுவென்று ஓட்ஸ் பக்கம் நடந்தார்கள். புதன்கிழமை வரிசையே இல்லை. மேனேஜர் ஜகதீசன் வந்தார்.

“அக்கா, வெள்ளிக்கிழமையோட கல்லை எடுத்துடலாம், சரிதானே? உங்களைப் பாத்திரம் கழுவற பக்கம் போடறேன்.”

மாரக்காள் நேராகப் போய்ப் பலகை எழுதிய டயட்டீஷியன் ஸ்வாதியைப் பிடித்தார்.

“ஏனுங்க மேடம், இந்த முந்நூத்தித் தொண்ணூறு எப்படி வந்துச்சுங்க?”

“கரண்டி நூறு மில்லி. நூறு கிராம்னு வெச்சேன். அரிசி, உளுந்து ரெண்டும் நூறு கிராமுக்குச் சுமார் முந்நூத்தம்பது கலோரி. எண்ணெய்க்கு நாற்பது.”

“அப்ப எம்மாவுல தண்ணியே இல்லீங்களா? நான் மாவு ஊத்தறனா, மூட்டையப் பிரிச்சுக் கொட்டறனா?”

ஸ்வாதியின் கையிலிருந்த ஓட்ஸ் ஸ்பூன் நின்றது.

“அரிசியும் உளுந்துமா நாலு கிலோ போட்டா நூத்தியிருவது தோசை வருமுங்க. பிரிச்சுப் பாருங்க.”

ஸ்வாதி போனில் பிரித்துப் பார்த்தார். தோசைக்கு முப்பத்து மூன்று கிராம் தானியம். சுமார் 117 கலோரி. எண்ணெயோடு சேர்த்தாலும் 160 தாண்டவில்லை. சந்தேகத்துக்கு ஒரு கரண்டி மாவைத் தராசில் வைத்தார். எண்பத்து நான்கு கிராம்தான். பொங்கிய மாவில் மீதி காற்று.

பின்னாலேயே வந்து நின்ற ஜகதீசனுக்கு உடனே ஒரு யோசனை. உளுந்து விலை அவருடைய வாழ்நாள் துக்கம்.

“அப்போ உளுந்தை ஸ்வல்ப கம்மி பண்ணா, கலோரி இன்னும் இறங்குமா?”

“இறங்காது சார். ரெண்டுக்கும் கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான். உளுந்து குறைஞ்சா மாவு பொங்காது, கரண்டியில கனமா ஏறும். தோசைக்குக் கலோரி கூடும்,” என்றார் ஸ்வாதி.

துக்கம் தொடர்ந்தது.

வியாழக்கிழமை பலகையில் 160, பச்சை எழுத்து. வெள்ளிக்கிழமை வரிசை வாசல் வரை நின்றது. கல் அகலவில்லை, பாத்திரம் கழுவற பேச்சும் எழவில்லை. ஆனால் 390க்குப் பயந்து ஒன்றைக்கூடத் தொடாதவர்கள், 160ஐ நம்பி மூன்று மூன்றாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

“அக்கா, மூணு சாப்பிட்டா 480 ஆச்சே!” என்று தட்டோடு வந்து பதறினார் ஸ்வாதி.

“பலகையில ஒண்ணுக்குத்தானுங்க எழுதினீங்க. உங்களுக்கு எத்தனைங்க?”

“ரெண்டு.”

“சட்னி? அதக் கணக்குல சேக்கலீங்களே.”

ஸ்வாதி பின்னால் நின்ற வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்குச் சேர்க்கலாம். இப்போ போடுங்க.”