சத்தம் போடாத பொம்மைக்குத் தள்ளுபடி

கொரியாவின் குன்சான் நகரச் சந்தையில் பொம்மைக் கடை வைத்திருந்த மியோங்சுக், மூன்று பிள்ளைகளை வளர்த்தே பாதிக் காதைத் தொலைத்தவள். பெற்றோரின் பாடு அவளுக்கு அத்துப்படி. மே ஐந்தாம் தேதி குழந்தைகள் தினத்துக்கு மற்றக் கடைகளெல்லாம் பிள்ளைகளைக் கூவி அழைக்க, இவள் மட்டும் வாசலில் இப்படி எழுதி வைத்தாள்: “பெற்றோர்களே, சத்தம் போடாத பொம்மைகளுக்கு இருபது சதவீதம் தள்ளுபடி.”

கூட்டம் அள்ளியது. புதிர் அட்டைகளும் கட்டைகளும் பறந்தன. சைரன் வைத்த தீயணைப்பு வண்டிகளும் மேளங்களும் மட்டும் சீந்துவாரின்றிக் கிடந்தன. அவற்றை யார் தலையில் கட்டுவது என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, கட்டைப் பெட்டி ஒன்றை அக்குளில் இடுக்கியபடி பியோ என்பவர் கல்லாவுக்கு வந்தார்.

“இது என் பொண்ணுக்கு. இருக்கிறதுலயே பெரிய மேளம் எது அக்கா?”

“அதுக்குத் தள்ளுபடி கிடையாது சார். காதும் போயிடும்.”

“முழு விலையே போடுங்க. அது தம்பி மகனுக்கு. போன வருஷம் தம்பி என் பொண்ணுக்கு ஊதுகுழல் வாங்கிக் குடுத்தான். இன்னும் ஊதிட்டிருக்கா.”

மியோங்சுக்கின் முகம் மலர்ந்தது. அவர் போனதும் பலகையில் இன்னொரு வரி சேர்த்தாள்: “சத்தம் போடும் பொம்மைகள், உறவினர் வீட்டுக்கு என்றால், பரிசுத்தாள் சுற்றித் தருவது இலவசம்.”

மாலைக்குள் மேளம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசி சைரன் வண்டியை வாங்கியவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“இதுக்கு பேட்டரியும் சேர்த்தே போட்டுத் தருவீங்களா? அண்ணன் வீட்ல பேட்டரி இல்லேன்னுடுவாங்க.”

அவர்தான் பியோவின் தம்பி.