எக்ஸ் என்றால் வாஷர், ஒய் என்றால் ஷெல்

என்ஜினியரிங் முடித்தும் எனக்குக் கணக்கில் ஓர் அரியர் பாக்கியிருந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அரியரை முடித்தால்தான் வேலை, இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டியதுதான்.

அதே அரியரோடு என் வகுப்புத் தோழன் ஒருவனும் இருந்தான். தேர்வன்று காலை தங்கவயல் ரயிலில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைத்துவிட்டு, ஜன்னலோரத்தில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து நான் புரட்டிய பாடம் இது: ஒரு பரப்பை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைக்கும் திண்மத்தின் கன அளவு. அதைத் தட்டை வளையங்களாக நறுக்கினால் வாஷர் முறை, ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்களாக உரித்தால் ஷெல் முறை. எதை எப்போது போடுவது என்பதுதான் என் உயிரை எடுத்தது.

"இன்னாத்துக்கு இம்மாம் யோசன? எக்ஸ் ஆக்ஸிஸ்னா வாஷர், ஒய் ஆக்ஸிஸ்னா ஷெல். கண்ண மூடினு போடு," என்றான்.

"எப்பவுமா?"

"எப்பவும். நான் சொல்றேன் இல்ல?"

பங்காருபேட்டை வருவதற்குள் மனப்பாடம் செய்துவிட்டேன். இவ்வளவு சுலபமானதற்கா இத்தனை நாள் அழுதோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

தேர்வில் வந்த கேள்வி இது: x = y − y³ என்ற வளைவுக்கும் ஒய் அச்சுக்கும் இடையே, y பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை உள்ள பரப்பை எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழற்று. எக்ஸ் அச்சு! சிரித்துக்கொண்டே வாஷரில் இறங்கினேன். வெளி ஆரம் வேண்டும், உள் ஆரம் வேண்டும். இரண்டுக்கும் y-ஐ x-ஆல் எழுத வேண்டும். முப்படிச் சமன்பாடு குறுக்கே படுத்துக்கொண்டு நகர மறுத்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

எரிச்சலில் விடைத்தாளைப் பக்கவாட்டில் திருப்பினேன். மேற்பார்வையாளர் முறைத்தார், முறைக்கட்டும். இப்போது படத்தில் பரப்பை நறுக்க நான் வரைந்திருந்த பட்டைகள் எக்ஸ் அச்சுக்கு இணையாக நிற்பது தெரிந்தது. அச்சுக்கு இணையான பட்டை சுழன்றால் குழாய். செங்குத்தாக இருந்தால்தான் வாஷர். அச்சின் பெயருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆரம் y, நீளம் y − y³. பெருக்கி, தொகையிட்டு, 2π-ஐப் போட்டால் 4π/15. ரெண்டே வரி.

திரும்பும் ரயிலில் அவன் சட்டையைப் பிடிக்காத குறை. "உன் ரூலால நான் செத்துப் பொழச்சன்! அந்தக் கணக்கு உனக்கு எப்டி வந்துது?"

"எந்தக் கணக்கு?" என்று கடலையை வாயில் போட்டுக்கொண்டான். "ஓ, அதுவா? சாய்ஸ் இருந்துச்சே. அத்த வுட்டுட்டு அடுத்தத எழுதிட்டன்."

இரண்டு பேரும் பாஸ். அவனுடைய ரூல் இன்றுவரை ஒரு கணக்கிலும் தோற்றதில்லை. ஜூனியர்களுக்கு அதைச் சொல்லும்போது, அதற்குச் சாட்சியாக என்னைத்தான் காட்டுகிறான்.