இரண்டு பின் நாசர்கள்

மங்கையர்க்கரசியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி. கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்தாலும் சேலை மடிப்பு கலையாது. மாலுமிகளின் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்குவது அவள் வேலை. குடும்பப்பெயர் முதலில், சொந்தப் பெயருக்கு ஒரே எழுத்து. ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் ஒன்றை வெட்டுவாள். கம்பெனிகள் அப்படித்தான் அனுப்பித் தொலைக்கும்.

ஒருநாள் எங்கள் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த ஓமான் சரக்குப் படகு மூழ்கியது. தேடுகிறவர்கள் அவசரமாக ஆள் பட்டியல் கேட்டார்கள். கம்பெனி அனுப்பியதில் பத்துப் பெயர். அதில் சலீம் பின் நாசர் அல் ஹார்த்தி ஒருவர், சுலைமான் பின் நாசர் அல் ஹார்த்தி ஒருவர்.

"அல் ஹார்த்தின்னா ஊர்ப்பேரா இருக்கும், விடுடி. பின் நாசர்தான் குடும்பம்" என்று இருவரையும் 'பி' எழுத்தில் போட்டாள். 'பின் நாசர், எஸ்.' இரண்டு வரி வந்தது.

"அக்கா, ரெண்டு ஆளா இருந்தா?"

"அரே, சும்மா இருடி! ஜல்தி கேக்குறாங்க." ஒன்றை வெட்டி ஒன்பதாக அனுப்பினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

இரவே ஒரு சீனக் கப்பல் ஒன்பது பேரை மீட்டது. சீன மாலுமிகளுக்கும் மீண்டவர்களுக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை, எதையும் கேட்டறிய வழியில்லை. எண்ணிக்கை சரியாக இருந்ததால் தேடுதல் முடிந்தது. தேடப் போன படகுகள் திரும்பிவிட்டன. மங்கையர்க்கரசி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். பாவி, அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு!

மூன்றாம் நாள் கப்பல் கரை சேர்ந்தது. பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும், அரபி தெரிந்த மலையாளி உஸ்தாத் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனோம். முன்னால் நின்ற இளைஞன் உஸ்தாதிடம் தன் முழுப்பெயரைச் சொன்னான். அவள் அவனைப் பார்த்துக் கை கூப்பி, "மிஸ்டர் பின் நாசர், வாங்க" என்றாள்.

உஸ்தாத் முகம் சுளித்தார். "அப்படிக் கூப்பிடாதீங்கம்மா. பின் நாசர்னா நாசரோட மகன்னு அர்த்தம். இவர் பேரு சுலைமான், மிஸ்டர் சுலைமான்னு கூப்பிடணும். குடும்பம் ஹார்த்தி. பட்டியல்ல 'அல்'லைக் கணக்குல எடுக்காம 'எச்'லதான் வரணும், சொந்தப் பேரு முழுசா இருக்கணும்."

கூப்பிய கையை அவள் மெல்ல இறக்கினாள்.

சுலைமான் எங்களுக்குப் பின்னால் இருந்த கரையை ஒருமுறை பார்த்தான். பிறகு மெதுவாக ஏதோ கேட்டான். உஸ்தாத் சொன்னார்:

"அண்ணன் சலீம் ஒரு பலகையைப் பிடிச்சு மிதந்துட்டிருந்தாராம். உங்க படகு எப்போ அவரைக் கொண்டுவரும்னு கேக்குறார்."