தயிர் இல்லாத ஆறு மாதம்

பள்ளிபாளையத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நானும் என் மனைவியும் விசைத்தறி ஓட்டுகிறோம். முதல் முறை சிறுநீரகக் கல் வந்தபோது, விலாவிலிருந்து அடிவயிறு வரை இழுத்த வலியில் தறிக்குப் பக்கத்திலேயே சுருண்டு கிடந்தேன். கல் தானாக இறங்கிவிட்டது. அவளுக்குப் பயம் மட்டும் இறங்கவில்லை.

கால்சியம் சேர்ந்துதான் கல்லாகிறது என்று யாரோ சொல்ல, மறுநாளே வீட்டில் பாலும் தயிரும் நின்றன. பால் சேர்க்காத டீ நாலைந்து வேளை. உடம்பு தேறட்டும் என்று அடிக்கடி பாலக்கீரை, சாயங்காலம் வறுத்த கடலை. தயிர்ச்சோறு இல்லாமல் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ரசத்தோடு எழுந்துகொள்வேன். அவளும் தயிரைத் தொடுவதில்லை என்பதை வெகுநாள் நான் கவனிக்கவில்லை.

ஆறே மாதத்தில் மறுபடியும் வலி. இந்த முறை வெளியே வந்த கல்லைப் பரிசோதித்து, கால்சியம் ஆக்சலேட் என்றார்கள். டாக்டர் எங்களை ஈரோட்டில் ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். நான் சாப்பிடுவதையெல்லாம் மனைவிதான் ஒப்பித்தாள்.

"பாலையும் தயிரையும் எதுக்குங்க நிறுத்துனீங்க?" என்றார் அந்த அம்மா. "சாப்பாட்டுல இருக்கற கால்சியந்தான் ஆக்சலேட்டக் குடல்லயே புடிச்சு மலத்தோட வெளிய அனுப்பீருமுங்க. அது இல்லீன்னா ஆக்சலேட் ரத்தத்துல கலந்து கிட்னிக்கு நெறைய வந்துரும். பாலக்கீரை, கடலை, டீ எல்லாத்துலயும் அந்த ஆக்சலேட்தானுங்க நெறைய இருக்குது."

அவள் முகம் வெளுத்தது. "அப்ப நானே கல்ல வளத்தீட்டனுங்களா?"

"ஒரே காரணம்னு சொல்ல முடியாதுங்க. தண்ணி எவ்வளவு குடிக்கறாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் ரெண்டு டம்ளருங்க. அடிக்கடி ஒண்ணுக்கு எந்திரிச்சுப் போனா, நூல் அறுந்தா ஆரு பாக்கறது?"

"ஏனுங்க, இத எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே!" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

கொட்டகைச் சூட்டில் வியர்த்துப் போவதால் தினமும் மூன்று லிட்டருக்கும் மேல் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீர் வெளிர் நிறத்தில் போக வேண்டும் என்றார் ஆலோசகர். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும் என்பதால் ஊறுகாய், அப்பளத்தைக் குறைக்கச் சொன்னார். எலுமிச்சைச் சாறு நல்லது, உப்புப் போடாமல். தயிர் சாப்பாட்டோடு சேர வேண்டும். கால்சியம் மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது.

அன்று மத்தியானம் எனக்கு அவள் தயிர் ஊற்றினாள். நான் பாத்திரத்தை வாங்கி அவள் தட்டிலும் ஊற்றினேன். "எனக்கெதுக்குங்க?" என்றாள். இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

அதன்பின் நான் எழுந்து போகும்போது என் தறிகளையும் அவளே பார்த்துக்கொண்டாள். இரைச்சலில் பேச்சு கேட்காது. கட்டைவிரலை வாய்க்கு நேராகக் காட்டுவாள், நான் குடிப்பேன்.

ஒரு வருடம் கழித்து ஈரோட்டில் ஸ்கேன் எடுத்தோம். பழைய சிறு துண்டு ஒன்று வளராமல் இருந்தது, புதிதாக எதுவும் இல்லை. திரும்பும்போது பஸ் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்கும் இடம் வந்தும் எழுப்ப மனமில்லாமல் அடுத்த நிறுத்தம் வரை போய், நடந்து வந்தோம்.