நன்றி சொன்னவரின் புகார்

தாயில்பட்டி வெள்ளைத்தாய் வெடிக்குத் திரி வைத்தே மகள் பொன்மணியைப் படிக்க வைத்தாள். மகள் விருதுநகரில், பட்டாசு ஆலைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் விற்கிற கம்பெனியில் சப்போர்ட் என்ஜினியர். வாடிக்கையாளர் மெயில் அனுப்பினால் அது டிக்கெட் ஆகும். சரிசெய்து மூட வேண்டும். மூடியது மறுபடி திறந்தால் அவள் பேரில் ஒரு கறை. இரண்டாயிரத்து எட்டில் ஆறு மாதமாகக் கறையே இல்லை. முதலாளி ராஜபாண்டியன் அவள் போட்டோவைச் சுவரில் மாட்டினார். வெள்ளைத்தாய் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் எம். புதுப்பட்டி ஆலை முதலாளி சண்முகவேல் போன் செய்தார்.

"ஏம்மா, பில்லு வராம லோடு நிக்கி. வெள்ளிக்கிழமையே மெயில் போட்டேன்னு கிளார்க்கு தனுஷ்கோடி சாதிக்கான். வரலைன்னா சொல்லுங்க, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருதேன்."

பொன்மணி பார்க்கிற பட்டியலில் இல்லை. 'வரலை சார்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியல் திறந்த டிக்கெட்டுகளை மட்டும்தான் காட்டும். குப்பை மெயிலில் தேடினாள், அங்கேயும் இல்லை. மெயில் சர்வர் பதிவைப் பிரித்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்திருந்தது. ஏப்ரலில் மூடிய டிக்கெட்டோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

தனுஷ்கோடியைப் போனில் கேட்டாள்.

"அது ராசியான மெயிலு மேடம். அதுக்குத்தான் ஒடனே ஆள் வந்து சரி பண்ணாக. அதுலயே பதில் போட்டேன்."

தலைப்பில் பழைய எண் இருந்ததால் பழைய டிக்கெட்டிலேயே சேர்ந்துவிட்டது. சேர்ந்தால் சேரட்டும், அது திறந்திருக்க வேண்டுமே. டிக்கெட்டின் வரலாற்றைப் பார்த்தாள். மூடிய டிக்கெட்டுக்கு வரும் பதிலில் 'தேங்க்ஸ்' என்று இருந்தால் திறக்காதே, யாருக்கும் சொல்லாதே என்று ஒரு விதி. வேலை முடிந்ததும் வரும் நன்றி மெயில்கள் கறை ஆகாமலிருக்க எழுதப்பட்டது. எழுதியவர்: பொன்மணி. தனுஷ்கோடி மரியாதைக்காரர், போன தடவை உதவிக்கு தேங்க்ஸ் சொல்லிவிட்டுத்தான் புகாரை ஆரம்பித்திருந்தார்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. மறைத்துவிடலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. சண்முகவேலைக் கூப்பிட்டாள்.

"மெயில் வந்திருக்கு சார். தப்பு என்னுது. நான் போட்ட விதிதான் அமுக்கி வச்சிருச்சு."

பில் எண் பத்தாயிரத்தைத் தாண்டியதுதான் கோளாறு, அரைமணியில் சரியானது. விதியை அழித்துவிட்டு அது விழுங்கியதையெல்லாம் தேடினாள். தனுஷ்கோடியுடையது போக இன்னும் இருபத்துமூன்று புகார்கள், எல்லாம் பணிவானவர்களுடையவை. திட்டி எழுதியவர்களுக்கு அன்றன்றே வேலை நடந்திருந்தது. அத்தனையையும் திறந்தாள். ராஜபாண்டியன் போட்டோவைக் கழற்றினார்.

சாயங்காலம் தனுஷ்கோடியின் டிக்கெட்டை மூடினாள். இரண்டு நிமிடத்தில் அது மறுபடி திறந்தது.

'லோடு போயிருச்சு. வேலையும் இருக்கு. தேங்க்ஸ் மேடம்.'

இருபத்தைந்தாவது கறை. பொன்மணி அதை இரண்டு தரம் படித்தாள். அன்றைக்கு மூடவில்லை.